கல் நகரும் முன்னே: அசைவூட்டத்தில் கனத்தைக் காட்டும் முறை

கணினித் திரையில் உருவாக்கப்படும் ஓர் உருண்டைக் கல்லுக்கு எடை என்பதே கிடையாது. அதற்கு வடிவம் உண்டு, நிறம் உண்டு, மேற்பரப்பில் சொரசொரப்பும் உண்டு. ஆனால் அசைவூட்டுநர் அதைச் சுட்டியால் பிடித்து இழுத்தால், எந்தத் தடையும் காட்டாமல் பஞ்சைப் போல உடன்வந்துவிடும். கையால் வரையும் அசைவூட்டத்திலும் நிலை இதுவே. தாளில் பாறையை வரைவதற்கும் பலூனை வரைவதற்கும் பென்சிலுக்கு ஆகும் உழைப்பு ஒன்றுதான். ஆகவே, ஒரு கதைமாந்தர் பாரமான பொருளைத் தூக்கிச் சுமப்பதாகக் காட்ட வேண்டிய இடத்தில், பார்ப்பவர் உணரும் கனம் முழுவதும் தூக்குபவரின் உடலிலிருந்தே வந்தாக வேண்டும். பொருள் நகரும்போது தெரியும் கனத்தைவிட, அது நகர்வதற்கு முன்பு உடல் என்ன செய்கிறது என்பதிலும், நகர்ந்த பின்பு உடல் எங்கே போய் நிற்கிறது என்பதிலும் தெரியும் கனமே மிகுதி என்பதுதான் இவ்வுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக இளவட்டக்கல் தூக்குதலை எடுத்துக்கொள்ளலாம். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் ஊர்ப் பொதுவிடத்தில் கிடந்த வழவழப்பான உருண்டைக் கல்லை இளைஞர்கள் தூக்கித் தோளுக்கு ஏற்றிப் பின்புறமாகத் தரையில் போட்டுத் தம் வலிமையைக் காட்டிய வழக்கம் இது. இன்றும் பொங்கலையொட்டி நடைபெறும் விளையாட்டுகளில் இதைக் காணலாம். அசைவூட்டம் பயில்பவருக்கு இதைவிடக் கடினமான, இதைவிடப் பயனுள்ள பாடம் அமைவது அரிது. அரிசி மூட்டையைத் தூக்கினால் மூட்டையே பாதி வேலையைச் செய்துவிடும். அது தொங்கும், பிதுங்கும், தோளில் விழுந்ததும் மடிந்து படியும், அந்த நெளிவே கனத்தைச் சொல்லிவிடும். கல்லோ நெளியாது. அதில் கைப்பிடி இல்லை, விளிம்பு இல்லை, விரல் நுழைய இடமும் இல்லை. அதன் கனத்தைச் சொல்ல உடலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இங்கே விளக்கத்திற்காக 60 கிலோ எடையுள்ள கருங்கல்லையும், அதைத் தூக்கும் 65 கிலோ எடையும் 165 செ.மீ. உயரமும் உடைய ஓர் இளைஞனையும் வைத்துக்கொள்வோம். கருங்கல்லின் அடர்த்தி ஏறத்தாழ நீரைப் போல 2.7 மடங்கு என்பதால், 60 கிலோ உருண்டைக் கல்லின் குறுக்களவு சுமார் 35 செ.மீ. இருக்கும். இந்த அளவை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்வது வீண்வேலை அன்று. கதைமாந்தரின் மார்பகலத்தைப் போல இருமடங்கு பெரிய கல்லை மாதிரியாக்கி வைத்துவிட்டு, பிறகு அதை ஒருவன் தோளில் ஏற்றுவதாக அசைத்தால், அசைவு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பார்ப்பவர் அதைத் தெர்மோகோல் கல் என்றே எண்ணுவார். அந்தப் பிழையை அசைவினால் சரிசெய்ய இயலாது.

அடுத்ததாக, எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நிற்கும் ஈர்ப்பு மையத்தைப் பார்க்க வேண்டும். ஓர் உடலின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொண்டால், அந்தப் புள்ளியே ஈர்ப்பு மையம். நிமிர்ந்து நிற்கும் மனிதருக்கு அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலின் உள்ளே அமைகிறது. அப்புள்ளியிலிருந்து தரைக்கு ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டால், அது இரு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட நிலமும் சேர்ந்த ஆதாரப் பரப்புக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் மனிதரும் விழுவார். கையில் ஒரு பொருளை ஏந்தியதும் கணக்கில் வருவது உடலின் மையம் மட்டும் அன்று, உடலும் பொருளும் சேர்ந்த கூட்டு மையம். பொருள் கனக்கக் கனக்க அம்மையம் உடலைவிட்டு விலகிப் பொருளை நோக்கி நகர்கிறது. எவ்வளவு நகர்கிறது என்பதைத்தான் அசைவூட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இளைஞன் கல்லை வயிற்றோடு அணைத்து நிற்பதாகக் கொள்வோம். கல்லின் ஆரம் ஏறத்தாழ 17 செ.மீ.; வயிற்றின் முன்புறத்திலிருந்து உடலின் மையக்கோடு வரை இன்னும் 12 அல்லது 13 செ.மீ.; ஆக, கல்லின் மையம் உடலின் மையத்துக்கு 30 செ.மீ. முன்னால் இருக்கிறது, கல் உருண்டை என்பதால் இதற்கு மேல் நெருக்கவும் முடியாது. 60-ஐ 30-ஆல் பெருக்கி, கல்லும் ஆளும் சேர்ந்த எடையாகிய 125-ஆல் வகுத்தால் 14.4 வருகிறது. அதாவது, அவன் வெறுங்கையோடு நிற்பதைப் போலவே நிமிர்ந்து நின்றால், கூட்டு மையம் 14.4 செ.மீ. முன்னால் போய்விடும். நிற்கும்போது தூக்குக்குண்டு நூல் பாதத்தின் நடுப்பகுதியில் விழுகிறது. அங்கிருந்து கால்விரல் நுனிக்கு உள்ள தொலைவு 12 செ.மீ. அளவே. ஆகவே அந்த நிலையில் அவனால் ஒரு நொடிகூட நிற்க இயலாது, கல்லோடு குப்புற விழுவான். விழாமல் இருக்க வேண்டுமானால் இடுப்பும் முதுகும் தலையும் சேர்ந்து ஏறத்தாழ அதே 14 செ.மீ. பின்னால் போக வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணி நிற்கும் நிலையை நினைவில் கொண்டால் இந்த உருவம் கண்ணில் வரும்; இளைஞனின் சாய்வு அதைவிடப் பன்மடங்கு மிகுதி, முழங்கால்களும் மடிந்திருக்கும்.

இதே அளவுள்ள, ஆனால் 6 கிலோவே எடையுள்ள காகிதக்கூழ்க் கல்லை அவன் அணைத்து நின்றால் அதே கணக்கு 2.5 செ.மீ. என்ற விடையைத் தருகிறது. அந்தச் சிறிய மாற்றத்தை உடல் வெளியே தெரியாமல் ஈடுசெய்துவிடும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்த அசைவும் இல்லாத நிலையிலேயே எது கனமான கல் என்பது சொல்லாமல் விளங்கும். தொடக்க நிலை அசைவூட்டங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை இங்கேதான் தொடங்குகிறது: கதைமாந்தரின் முகத்தில் வியர்வை வழிகிறது, பற்கள் நறநறக்கின்றன, கைகள் நடுங்குகின்றன, ஆனால் உடம்பு மட்டும் வெறுங்கையோடு நிற்பவனைப் போல நேர்க்கோட்டில் நிற்கிறது. முகம் கனம் என்று சொல்ல, உடல் இல்லை என்று மறுக்கிறது; பார்ப்பவர் உடலையே நம்புகிறார். முகபாவம் எப்போதும் இறுதியில் சேர்க்க வேண்டிய ஒன்று.

இனி அசைவுக்கு வரலாம். திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை ஒவ்வொன்றையும் சட்டகம் என்று குறிப்பிடுவது வழக்கம். இளைஞன் கல்லை அணுகும் விதத்திலேயே கனம் தொடங்கிவிடுகிறது. இலேசான பொருளை எடுப்பவர் அது கிடக்கும் இடத்துக்கு ஓரெட்டு முன்பே நின்று கையை நீட்டி எடுத்துவிடுவார், கண்களும் வேறெங்கோ இருக்கலாம். கனமான கல்லை எடுப்பவன் முதலில் அதைப் பார்க்கிறான்; பிறகு இரு கால்களையும் கல்லின் இருபுறமும் அகட்டி, விரல்கள் வெளிநோக்கித் திரும்ப, கல் தன் கணுக்கால்களுக்கு இடையில் வரும்படி நிற்கிறான்; அதன் பின்னரே குத்தவைத்து அமர்கிறான். கால் வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் இந்தச் செயலை விட்டுவிட்டுத் தூக்கும் அசைவுக்கு நேரடியாகப் போகும் காட்சிகள் தோல்வியடைவதற்குக் காரணம், கல்லுக்கு அவன் அஞ்சவில்லை என்று அக்காட்சி சொல்லிவிடுவதுதான்.

ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில் டிஸ்னி அசைவூட்டத்தின் அடிப்படைகளாக 12 நெறிகளைத் தொகுத்துத் தந்தனர். அவற்றுள் ஒன்று, பெரிய அசைவுக்கு முன் உடல் எதிர்த்திசையில் செய்யும் ஆயத்த அசைவு. குதிப்பவர் முதலில் தாழ்வதும், எறிபவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இவ்வகையின. கனமான பொருளைத் தூக்குவதில் இந்த ஆயத்தம் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. முதற்பகுதி சோதனை: இளைஞன் கல்லின் மேல் கை வைத்து அதைச் சற்றே தன்பக்கமாக உருட்டுகிறான், கல் ஒரு விரலளவு சாய்ந்து, அடியில் விரல்கள் நுழைந்ததும் திரும்ப அமர்கிறது. அந்தச் சாய்வுக்கே அவன் தோள்கள் முழுவதும் ஈடுபட வேண்டியிருப்பதைக் காட்டினால், இனி வரப்போவது என்ன என்பதைப் பார்ப்பவர் தாமே கணக்கிட்டுக்கொள்வார்.

இரண்டாம் பகுதி தொய்வு எடுத்தல். இதுவே இவ்வுரையின் நடுப்புள்ளி. கிணற்றில் வாளியை இறைக்கும்போது கயிற்றின் தொய்வு முழுவதும் இழுபட்டு, கயிறு விறைத்த பிறகே வாளி மேலே வரத் தொடங்குவதைப் போல, தூக்குபவரின் உடலிலும் தொய்வு இருக்கிறது. முழங்கைகள் மடிந்திருக்கின்றன, தோள்பட்டைகள் தளர்ந்திருக்கின்றன, முதுகு சற்றே வளைந்திருக்கிறது. அவன் எழ முயலும்போது முதலில் இடுப்பு இரண்டு மூன்று செ.மீ. உயர்கிறது, அந்த இழுப்பில் முதுகு நிமிர்ந்து விறைக்கிறது, தோள்பட்டைகள் கீழ்நோக்கி இழுபட்டுக் கழுத்து நீண்டு தெரிகிறது, முழங்கைகள் நேராகின்றன, குதிகால்கள் மண்ணில் பதிகின்றன. இவ்வளவும் நடக்கும் 10 அல்லது 12 சட்டகங்களில் கல் ஒரு மயிரிழைகூட நகரக் கூடாது. உடல் முழுவதும் உழைத்துக்கொண்டிருக்க, கல் மட்டும் சும்மா இருக்கும் அந்த அரை விநாடியில்தான் கனம் பிறக்கிறது. இதை விட்டுவிட்டு, கை பட்ட அதே சட்டகத்தில் கல்லும் கையும் இடுப்பும் ஒருசேர எழுந்தால், அது காந்தத்தில் ஒட்டிய தகரம் எழுவதைப் போலவே தோன்றும்.

கல் தரையைவிட்டுக் கிளம்பும் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்திருக்க அதன் எடைக்குச் சமமான விசை போதும். அதை மேல்நோக்கி முடுக்க அதற்கும் மேலான உபரி விசை வேண்டும். இளைஞனால் கல்லின் எடையைவிட பத்தில் ஒரு பங்கு மட்டுமே கூடுதலாக இழுக்க முடிகிறது என்று கொண்டால், கல் புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் ஒரு பங்கு முடுக்கத்தோடுதான் மேலெழும். அதன்படி முதல் 6 சட்டகங்களில், அதாவது கால் விநாடியில், அது ஏறுவது 3 செ.மீ. மட்டுமே. அதே 6 சட்டகங்களில் காகிதக்கூழ்க் கல் முழங்காலையே எட்டியிருக்கும். சட்டகத்துக்குச் சட்டகம் பொருள் நகரும் தொலைவை அசைவூட்டுநர்கள் இடைவெளி என்று குறிப்பிடுவர். கனமான பொருளின் இடைவெளிகள் தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவுக்கு நெருங்கி, மிக மெதுவாகவே விரிய வேண்டும்.

இங்கே ஒரு பெரிய தவறான புரிதலைக் குறிப்பிட்டாக வேண்டும். கனம் என்றால் மெதுவாக என்று எண்ணி, காட்சி முழுவதையும் ஒரே சீராக மெதுவாக்கிவிடுவோர் பலர். அப்போது கதைமாந்தர் தண்ணீருக்கடியில் நடமாடுவதைப் போல ஆகிவிடுகிறார். மெதுவாக நகர வேண்டியது கல். அதைச் சமாளிக்கும் உடலின் உறுப்புகள் பல சமயம் விரைவாகவே நகர்கின்றன. பிடி நழுவினால் விரல்கள் இரண்டு சட்டகங்களில் மாறிப் பிடிக்கின்றன; சமநிலை குலைந்தால் பாதம் மூன்று சட்டகங்களில் இடம் மாறுகிறது. கல்லின் மந்தமும் உடலின் பதற்றமும் அருகருகே இருப்பதுதான் கனத்தின் அடையாளம்.

கல் நேரே தோளுக்குப் போவதில்லை. முதலில் அது இரு தொடைகளின் மேல் வந்து அமர்கிறது. இளைஞன் பாதி எழுந்து, முழங்கால்களைத் தாழ்த்தி, கல்லின் அடியில் தன் மடியைக் கொண்டுவந்து கொடுக்கிறான். கல் தொடையில் இறங்கும்போது வேட்டியின் மடிப்புகள் இறுகுவதும், தொடைச்சதை ஓரத்தில் சற்றே பிதுங்குவதும், இடுப்பு மூன்று நான்கு செ.மீ. தாழ்ந்து நிற்பதும் காட்டப்பட வேண்டும். அங்கே ஒரு விநாடி இளைப்பாறல் உண்டு. கைகள் அடியிலிருந்து விடுபட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லைச் சுற்றி வளைத்து, முன்புறத்தில் கோத்துக்கொள்கின்றன. ஒரு கை நகரும்போது மறுகை கல்லைவிட்டு அகலக் கூடாது. இந்த ஒரு விநாடியில் உடல் சிலையாக நின்றுவிடவும் கூடாது; மூச்சும் மெல்லிய ஆட்டமும் தொடர்ந்தபடி நிற்கும் இந்த நிலையை உயிருள்ள நிறுத்தம் என்று சொல்லலாம்.

மடியிலிருந்து நெஞ்சுக்கு ஏற்றும் செயல் கைகளின் வேலை அன்று, இடுப்பின் வேலை. இளைஞன் மூச்சை உள்ளிழுத்து அடைத்துக்கொண்டு, இடுப்பைத் திடீரென முன்தள்ளிக் கால்களை நிமிர்த்துகிறான்; கல் வயிற்றின் மேல் உருண்டு மேலேறுகிறது. இந்த அசைவு 8 முதல் 10 சட்டகங்களுக்குள் முடிந்துவிடும் அளவுக்கு விரைவானது, ஆனால் கல் விலாவின் அடிப்பகுதியை எட்டும்போது வேகம் ஏறக்குறைய நின்றுபோகிறது. இடுப்பு தந்த உந்துதல் தீர்ந்து, கைகளின் விசை இன்னும் முழுதாகப் பொறுப்பேற்காத இடம் அது. இங்கே நான்கைந்து சட்டகங்கள் கல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்ற நிலையில் தொங்கினால், பார்ப்பவரின் மூச்சும் சேர்ந்தே நின்றுவிடும்.

நெஞ்சிலிருந்து தோளுக்குப் போவதில் பலரும் தலைகீழாகச் செய்யும் ஒன்று உண்டு. அவர்கள் கல்லைத் தோளின் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள்; உண்மையில் தூக்குபவர் தோளைக் கல்லின் உயரத்துக்கு இறக்குகிறார். இளைஞன் கல்லை ஒரு சிறிய எத்தில் சற்றே மேலே தள்ளி, அது விழத் தொடங்குவதற்கு முன் முழங்கால்களை மடித்து வலத் தோளை அதன் அடியில் நுழைத்துவிடுகிறான். தோளில் கல் உட்கார்ந்ததும் உடல் முழுவதும் சேர்ந்து தாழ்கிறது, அதுவும் ஒரே சமயத்தில் அன்று: முதலில் தோள், இரண்டு சட்டகம் கழித்து விலா, மேலும் இரண்டு கழித்து இடுப்பு, கடைசியாக முழங்கால். எடை மேலிருந்து தரைக்கு இறங்கிச் செல்லும் வழி அது. அதன் பின்னரே அவன் மெல்ல நிமிர்கிறான், அடைத்திருந்த மூச்சும் அப்போதுதான் வெளிவருகிறது.

தோளில் கல்லோடு நிற்கும்போது கூட்டு மையம் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்திலிருந்து 120 செ.மீ. உயரத்துக்கு ஏறிவிடுகிறது. உயரமான குத்துவிளக்கு சிறிய இடிப்புக்கும் சாய்வதைப் போல, மையம் உயர்ந்த உடலும் எளிதில் நிலைகுலையும். ஆகவே நடை முழுவதும் அந்த அச்சத்தால் ஆளப்படுகிறது. கல் வலத் தோளில் இருப்பதால் உடல் இடப்பக்கம் சாய்கிறது, கழுத்தும் இடப்பக்கம் ஒதுங்குகிறது, இடக்கை உடலைவிட்டு விலகி நீள்கிறது. இந்தச் சாய்வு நடையின் ஒவ்வொரு சட்டகத்திலும் நீடிக்க வேண்டும். பாதி வழியில் அவன் நிமிர்ந்துவிட்டால் கல் அங்கேயே காற்றில் கரைந்துவிடும்.

சாதாரண நடையில் ஓர் எட்டுக்கு ஏறத்தாழ 12 சட்டகங்கள் ஆகின்றன, அதில் இரு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருப்பது இரண்டு மூன்று சட்டகங்களே. சுமையோடு நடப்பவர் அந்த இரட்டை ஊன்றலை நீட்டிக்கிறார். ஐந்து, ஆறு சட்டகங்கள்வரை இரண்டு கால்களும் தரையில் இருக்கின்றன, ஏனெனில் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் அவருக்கு ஆபத்தான நேரம். அந்த ஊன்றலின்போதே இடுப்பு பக்கவாட்டில் நகர்ந்து அடுத்துத் தாங்கப்போகும் காலுக்கு மேலே போய் நிற்கிறது. அதன் பிறகுதான் மறுகால் தரையைவிட்டு எழ முடியும். எழுந்த கால் நேரத்தை வீணாக்குவதில்லை: தரையை உரசுவதைப் போலத் தாழ்வாகச் சென்று, பாதி எட்டுத் தொலைவிலேயே முழுப்பாதமும் ஒருசேரப் பதியும்படி இறங்குகிறது. குதிகால் முதலில் படும் வீசுநடை இங்கே பொருந்தாது. பாதம் பதிந்ததும் முழங்கால் மடிந்து உடல் தாழ்கிறது, சாதாரண நடையைவிட ஆழமாகத் தாழ்ந்து, மேலெழ நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறது.

ஹயாவோ மியாசாக்கி இயக்கி 2001-இல் வெளிவந்த 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் சிஹிரோ என்னும் சிறுமி கொதிகலன் அறையில் ஒரு நிலக்கரித் துண்டைத் தூக்கி உலைவரை கொண்டுசெல்லும் காட்சியை இந்தக் கண்ணோடு பார்ப்பது நலம். அந்தக் கரித்துண்டு அளவில் சிறியது. தோற்றத்தைக் கொண்டு அது கனமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவள் தள்ளாடும் கால்களும், அதைத் தாங்கப் படும் பாடுமே அதன் கனத்தை அறிவிக்கின்றன. பொருளின் அளவு உதவாத இடத்தில் உடல் ஒன்றே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முப்பரிமாண மென்பொருளில் இவ்வசைவை அமைக்கும்போது ஒரு தொழில்நுட்ப முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட வேண்டும்: கை கல்லை நகர்த்துவதா, கல் கையை நகர்த்துவதா? கல்லை ஒரு கையோடு இணைத்துவிட்டால், மறுகை ஒவ்வொரு சட்டகத்திலும் கல்லின்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் திருத்துவதற்கே நாள் போய்விடும். கல்லின் பாதையைத் தனியாக அசைத்துவிட்டு, இரு கைகளையும் கல்லைப் பின்தொடரச் செய்வதே தக்க முறை. பிளெண்டர் மென்பொருளில் கைகளின் கட்டுப்பாட்டு எலும்புகளுக்கு `Child Of` என்னும் பிணைப்பைக் கொடுத்து, `Influence` மதிப்பைக் கை பற்றும் சட்டகத்தில் 1 ஆகவும், விடும் சட்டகத்தில் 0 ஆகவும் மாற்றிவிடலாம்; மாற்றும் சட்டகத்தில் கை துள்ளுகிறதா என்பதை மட்டும் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். இம்முறையில் இன்னொரு நன்மையும் உண்டு: கல்லை முதலில் தனியாக அசைப்பவர், அதன் பிடிவாதத்தை மதிக்கத் தானாகவே கற்றுக்கொள்கிறார்.

அசைவு சரியாக வந்திருக்கிறதா என்று அறிய இரண்டு சோதனைகள் போதுமானவை. கல்லைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டுக் காட்சியை ஓட்டிப் பார்க்க வேண்டும். இல்லாத கல்லின் கனத்தை உடல் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது, கைகளை வீணே உயர்த்தும் ஒருவன் தெரிந்தால் முடியவில்லை. மற்றொன்று, இடுப்பின் உயரத்தையும் கல்லின் உயரத்தையும் காட்டும் வளைகோடுகளை ஒன்றாகத் திறந்து பார்ப்பது. கல் தரையைவிட்டுக் கிளம்பும் இடத்தில் இடுப்பின் கோடு சுமார் பத்துச் சட்டகங்கள் முன்பே எழத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே சட்டகத்தில் எழுந்தால் தொய்வு எடுத்தல் விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

பார்த்துச் செய்வதற்காக ஒருவரை நடிக்கவைத்துக் காணொளி எடுப்பது இத்தொழிலில் வழக்கம். வெற்று அட்டைப்பெட்டியைக் கொடுத்துக் கனமாக இருப்பதாக நடிக்கச் சொன்னால், திறமையான நடிகரும் முகத்தையும் கைகளையுமே நடிக்கவைப்பார். மேலே கணக்கிட்ட 14 செ.மீ. சாய்வை யாராலும் நடிக்க முடியாது, ஏனெனில் சுமையின்றி அப்படிச் சாய்ந்தால் மல்லாந்து விழ வேண்டும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒருவர் தோளில் ஏற்றி நான்கு எட்டு நடப்பதைப் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் படமெடுத்தால், தேவையான பெரும்பாலான செய்திகள் அதிலேயே கிடைக்கும். 60 கிலோவுக்கு வேண்டிய மிகுதியை அசைவூட்டுநர் கணக்கைக் கொண்டு கூட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, கல்லைப் போடுதல். கனமான பொருள் வேகமாக விழும் என்ற எண்ணத்தில் சிலர் கல்லை நான்கைந்து சட்டகங்களில் தரையில் சேர்த்துவிடுகின்றனர். காற்றின் தடை பொருட்படுத்தத் தக்கதாக இல்லாதவரை எல்லாப் பொருள்களும் ஒரே வேகத்தில்தான் விழும். தோளிலிருந்து விழும் கல் தரையைத் தொட 12 முதல் 13 சட்டகங்கள் ஆகும், காகிதக்கூழ்க் கல்லுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. முதல் 6 சட்டகங்களில் அது 31 செ.மீ.தான் இறங்கியிருக்கும், மிச்சத் தொலைவு முழுவதையும் பிற்பாதியில் கடக்கும். கனம் தெரிவது விழும்போது அன்று, விழுந்த பின்பு: காகிதக்கூழ்க் கல் எழும்பிக் குதித்து உருண்டோடும், கருங்கல் மண்ணில் விரற்கடை அளவு புதைந்து, கால் சுற்று உருண்டு, நின்றுவிடும்.

அந்தப் பதின்மூன்று சட்டகங்களில் இளைஞனின் உடலையும் மறந்துவிடக் கூடாது. அதுவரை 125 கிலோவுக்காக இடப்பக்கம் சாய்ந்திருந்த உடல், கல் தோளைவிட்டு அகன்ற சட்டகத்தில் 65 கிலோவாகிவிடுகிறது, ஆனால் சாய்வு அப்படியே இருக்கிறது. கல்லைப் பின்னால் தள்ளியதன் எதிர்விளைவு அவனை முன்னோக்கியும் தள்ளுகிறது. ஆகவே அவன் முன்னும் இடப்பக்கமுமாகச் சரிந்து, அந்தச் சரிவைப் பிடிக்க இடது காலை அவசரமாக எடுத்து வைக்கிறான். கல் மண்ணைத் தொடும்போது அந்தக் கால் இன்னும் அந்தரத்தில் இருக்கலாம். அது ஊன்றிய பிறகு, இழுபட்டிருந்த தோள்கள் மெல்ல மேலெழுகின்றன, இரு கைகளும் தம் இயல்பான இடத்தைவிடச் சற்று உயரத்தில், உடலைவிட்டு விலகி, சில சட்டகங்கள் மிதந்து நின்று, பிறகே தொங்குகின்றன.